820, 1820, 3760: ஒரு பேரிங் ரேக்குக்கு மூன்று கோடு போடுவது எப்படி

கோயம்புத்தூரில் வீட்டு உபயோக மோனோபிளாக் பம்ப் அசெம்பிள் செய்யும் சிறிய யூனிட்டில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஒரு மோட்டாருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு 6203 பேரிங் போகும். நாளுக்கு ஐம்பது பம்ப் என்றால் நூறு பேரிங். சின்னப் பொருள்தான், ஆனால் அது இல்லாவிட்டால் ரோட்டரை உள்ளே இறக்க முடியாது. வைண்டிங் முடிந்த ஸ்டேட்டர் வரிசையாகக் காத்திருக்கும், ஆட்களும் காத்திருப்பார்கள்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் ஸ்டோர்ஸில் ஒரே விதிதான் இருந்தது: "கம்மியாயிடுச்சுன்னா சொல்லுப்பா." கம்மி என்றால் எத்தனை என்று யாரிடமும் எண் கிடையாது. பெட்டிகள் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும்போது சொல்வேன். சில சமயம் சரியாக வரும், சில சமயம் லைன் நிற்கும். லைன் நின்ற பிறகு பயத்தில் மூன்று மாதத்துக்கு வாங்கிப் போடுவார்கள். அந்த "கம்மி"யை எண்ணாக்குவதுதான் இந்தக் கணக்கு. ரேக்கில் அது மூன்று கோடாக வரும்: குறைந்தபட்ச இருப்பு, மறு ஆர்டர் அளவு, அதிகபட்ச இருப்பு. 6203 பேரிங் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசி வரை போகிறேன். எண்கள் கணக்குப் புரிவதற்காக ரவுண்டு செய்தவை.

முதலில் பின் கார்டு

இரண்டு விஷயம் வேண்டும்: எவ்வளவு வேகத்தில் செலவாகிறது, ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வருகிறது. சூத்திரம் ஐந்து நிமிட வேலை. தகவலைச் சரியாக எடுப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

செலவு வேகத்துக்கு, ரேக்கில் அந்தப் பொருளின் வரவு, செலவு, மீதி எழுதும் அட்டையான பின் கார்டைப் பார்த்தால் உடனே ஒரு குழப்பம் வரும். திங்கள் 500 கொடுத்திருக்கிறோம், செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒன்றுமில்லை, சனி 100. லைன் சூப்பர்வைசர் ஐந்து நாளுக்கு மொத்தமாக எடுத்துப் போய்விட்டார், அவ்வளவுதான். இதை வைத்து "ஒரு நாள் அதிகபட்சச் செலவு 500" என்று எழுதினால் பேரிங் வைக்கத் தனி அறை கட்ட வேண்டியிருக்கும். ஸ்டோர்ஸிலிருந்து வெளியே போனது வேறு, பம்புக்குள் போனது வேறு.

அதனால் நாள் கணக்கை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு மொத்தம் போடுங்கள். வாரம் ஆறு வேலை நாள், ஆக 12 நாள் மொத்தம். அதை 12 ஆல் வகுத்தால் அந்தக் காலத்தின் நாள் சராசரி. இரண்டு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்குச் சரக்கு வரக் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகிறது, அந்த இடைவெளி முழுவதும் எந்த வேகத்தில் தின்னும் என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு நாள் 180 போயிருக்கலாம், ஆனால் அதே வேகம் பதினான்கு நாளும் நீடிக்காது. உங்களுக்குச் சரக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றால் மாத மொத்தமாகப் போடுங்கள்.

எங்கள் பன்னிரண்டு வாரக் கணக்கு இப்படி வந்தது. மொத்தம் 1104, 1296, 840, 1560, 1248, 1152. பன்னிரண்டால் வகுத்தால் நாளுக்கு 92, 108, 70, 130, 104, 96. சராசரி 100, அதிகபட்சம் 130, குறைந்தபட்சம் 70.

இதில் ஒரு பொறி உண்டு. அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் பேரிங் இல்லாமல் லைன் நின்ற நாட்கள் இருந்தால், அன்றைய செலவு பூஜ்யம் என்று கார்டு சொல்லும். தேவை பூஜ்யம் இல்லை, சரக்குதான் இல்லை. அந்த நாட்களை எடுத்துவிட்டு மீதி நாட்களால் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்றாக்குறையே சராசரியைக் குறைத்து, அடுத்த பற்றாக்குறைக்கு வழி போட்டுக்கொடுக்கும்.

நாளை எங்கிருந்து எண்ணுவது

சரக்கு வரும் காலத்தில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். டீலர் பில் போட்ட தேதியிலிருந்து லாரி வந்த தேதி வரை எண்ணி, "ஏழு நாள்" என்று எழுதிவைத்திருந்தேன். நான் இண்டென்ட் எழுதிக் கொடுத்த பிறகு அது கையெழுத்துக்காக ஆபீஸ் மேஜையில் கிடந்த இரண்டு நாள் அதில் இல்லை. வந்த பெட்டியை எண்ணி, சரிபார்த்து, ரேக்கில் ஏற்றும் ஒரு நாளும் இல்லை. மூன்று நாள் ஓட்டை, 300 பேரிங். லைன் நிற்பதற்கு அதுவே போதும்.

"இது வேண்டும்" என்று நீங்கள் எழுதிய நாளிலிருந்து, லைனுக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்ற நிலைக்கு அந்தச் சரக்கு வந்த நாள் வரை எண்ணுங்கள். செலவை வேலை நாளில் எண்ணினால் இதையும் வேலை நாளிலேயே எண்ணுங்கள். டீலர் காலண்டர் நாளில் பேசுவார். அவருடைய "பதினான்கு நாள்" உங்கள் வாரம் ஆறு நாள் கணக்கில் 12 தான்.

எங்கள் கடைசி ஆறு ஆர்டர் இப்படி எண்ணியபோது: 9, 11, 8, 14, 10, 8 வேலை நாட்கள். சராசரி 10, அதிகபட்சம் 14, குறைந்தபட்சம் 8.

அதற்கு முன்னால் ஒரு ஆர்டர் 31 நாள் எடுத்தது, சரக்கு வழியிலேயே மாட்டிக்கொண்டது. அதையும் சேர்ப்பதா? நான் சேர்க்கவில்லை. அப்படி ஒன்று மறுபடி நடந்தால் உள்ளூர் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கிச் சமாளிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூத்துக்காக ஆண்டு முழுவதும் பணத்தை ரேக்கில் முடக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளூரில் கிடைக்கவே கிடைக்காத பொருளாக இருந்தால் அந்த 31 ஐ விட்டுவிடும் தைரியம் எனக்கு வராது.

ஆர்டர் கோடு: 1820

எல்லாக் கணக்கும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆர்டர் போட்ட பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை, சரக்கு வரும்வரை இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். மோசமான நிலைமை எது? லைன் மிக வேகமாக ஓடுகிறது, அதே சமயம் டீலர் மிகத் தாமதமாக்குகிறார். அப்போதும் தாங்க வேண்டும்.

மறு ஆர்டர் அளவு = அதிகபட்சச் செலவு × அதிகபட்ச நாள் = 130 × 14 = 1820

குறைந்தபட்ச இருப்பு, அதாவது பஃபர்: 820

மோசமானது தினமும் நடக்காது. வழக்கமாக நாளுக்கு 100 செலவாகி, பத்தாவது நாள் சரக்கு வந்துவிடும். அப்படியானால் புதுப் பெட்டி உள்ளே வரும்போது ரேக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

குறைந்தபட்ச இருப்பு = மறு ஆர்டர் அளவு − (சராசரிச் செலவு × சராசரி நாள்) = 1820 − (100 × 10) = 820

வழக்கமான ஓட்டத்தில் தொடாமல் மிஞ்சுவது இந்த 820. இதைத்தான் பஃபர் ஸ்டாக், பாதுகாப்பு இருப்பு என்கிறோம். காஸ்டிங் பாடத்தில் வருகிற இந்த முறையில் குறைந்தபட்ச இருப்பும் பஃபரும் ஒரே எண்தான்.

இந்த 820 எதற்காக இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. டீலர் சராசரியை விட 4 நாள் தாமதித்தால், சராசரி வேகத்தில் 100 × 4 = 400. லைன் சராசரியை விட 30 அதிகம் எடுத்தால், பத்து நாளுக்கு 30 × 10 = 300. இரண்டும் சேர்ந்து நடந்தால், அந்த நான்கு கூடுதல் நாளிலும் அதே 30 அதிகம், 30 × 4 = 120. கூட்டினால் 820. இதில் 520 டீலரின் தாமதத்தோடு ஒட்டியது. ஆக, பஃபரைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி கேட்டால் முதலில் பேச வேண்டியது டீலரிடம். விலையில் ஒரு ரூபாய் குறைப்பதை விட "பன்னிரண்டு நாளைத் தாண்டாமல் கொடுங்கள்" என்று கேட்பது சில சமயம் லாபம். சராசரி பத்திலேயே இருந்து அதிகபட்சம் மட்டும் 12 ஆனால், பஃபர் 130 × 12 − 1000 = 560 ஆகிவிடும். 260 பேரிங் ரேக்கிலிருந்து விடுதலை.

அதிகபட்ச இருப்பு: 3760

இதற்கு ஒரு எண் கூடுதலாக வேண்டும்: ஒரு முறை எவ்வளவு ஆர்டர் போடுகிறோம். எங்களுக்கு 2500, ஏறக்குறைய ஒரு மாதச் செலவு. டீலரின் பெட்டி அளவு, லாரி வாடகை, கையில் இருக்கும் பணம் மூன்றும் சேர்ந்து முடிவான எண் அது.

இப்போது எதிர்ப்பக்கக் கதை. 1820 இல் ஆர்டர் போட்டோம். லைன் மந்தமாகிவிட்டது, நாளுக்கு 70 தான். டீலரோ என்றைக்கும் இல்லாமல் எட்டாம் நாளே இறக்கிவிட்டார். அந்த எட்டு நாளில் 560 தான் செலவு. ரேக்கில் 1260 இருக்கும்போதே 2500 வந்து இறங்குகிறது.

அதிகபட்ச இருப்பு = மறு ஆர்டர் அளவு + ஆர்டர் அளவு − (குறைந்தபட்சச் செலவு × குறைந்தபட்ச நாள்) = 1820 + 2500 − (70 × 8) = 3760

ஆர்டர் போட்ட நாளுக்கும் சரக்கு வந்த நாளுக்கும் நடுவே உள்ள அதே இடைவெளியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறோம். மோசமாகப் போனால் சரக்கு வரும் நேரத்தில் ரேக் காலி, வழக்கமாகப் போனால் 820 மிச்சம், செலவு மெதுவாகப் போய், சரக்கு சீக்கிரமாக வந்தால் 3760. இது மனதில் நின்றுவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், எதை எதோடு பெருக்குவது என்று தானாக வரும்.

3760 உங்கள் ரேக்கில் அடங்கவில்லை, அல்லது அவ்வளவு பணம் போட முடியாது என்றால் குறைக்கக்கூடியது அந்த 2500 மட்டுமே. 1820 ஐக் கை வைத்துக் குறைத்தால் லைன் நிற்கும். பேரிங்கில் இன்னொன்று: உள்ளே இருக்கும் கிரீஸுக்கும் வயதாகும், அதனால் அதிகபட்சத்தைத் தளர்த்த நான் விடுவதில்லை. பழைய பெட்டியை முன்னால் நகர்த்தி வைத்துத்தான் புதியதைப் பின்னால் ஏற்றுவோம்.

எக்செலில் போடுபவர்களுக்கு: B2 முதல் B7 வரை நாள் செலவு, C2 முதல் C7 வரை நாட்கள், E2 இல் ஆர்டர் அளவு. E3 மறு ஆர்டர், E4 குறைந்தபட்சம், E5 அதிகபட்சம்.

```
E3: =MAX(B2:B7)*MAX(C2:C7)
E4: =E3-AVERAGE(B2:B7)*AVERAGE(C2:C7)
E5: =E3+E2-MIN(B2:B7)*MIN(C2:C7)
```

சாஃப்ட்வேரில் ஏற்றும்போது

கணக்கு சரியாக வந்த பிறகும் கோட்டைவிடும் இடம் இது. சில ஸ்டாக் சாஃப்ட்வேர்களில் "மினிமம்" என்று ஒரு கட்டம் இருக்கும். நாம் 820 என்று அடிப்போம். ஆனால் அந்த சாஃப்ட்வேரில் மினிமம் என்றால் "இந்த அளவுக்கு வந்ததும் ஆர்டர் போடு" என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படியானால் 820 இல்தான் ஆர்டர் போகும். நாளுக்கு 100 என்றால் ஒன்பதாம் நாளே தீர்ந்துவிடும், சரக்கு பத்தாம் நாள்தான் வரும். எதுவும் தப்பாகப் போகாத சாதாரண மாதத்திலேயே லைன் நிற்கும். கட்டத்தின் பெயரை நம்பாமல், அந்த எண்ணைத் தொட்டால் சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று ஒரு டம்மி பொருளை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, வழியில் இருக்கும் சரக்கு. ஆர்டர் போட்டு நான்கு நாள் ஆகிறது, ரேக்கில் 1400. வேறு ஒருவர் வந்து பார்க்கிறார், 1820 க்குக் கீழே இருக்கிறதே என்று இன்னொரு 2500 போடுகிறார். எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு தீபாவளி லீவு நேரத்தில் இது நடந்தது. இரண்டு ஆர்டரும் வந்து, பேரிங் பெட்டிகள் கெபாசிட்டர் ரேக் வரை ஏறி உட்கார்ந்தன. 1820 உடன் ஒப்பிட வேண்டியது ரேக்கில் இருப்பதும் வந்துகொண்டிருப்பதும் சேர்ந்த மொத்தத்தை. அன்றிலிருந்து ஆர்டர் போட்டதும் பின் கார்டில் பென்சிலால் அளவையும் தேதியையும் எழுதி, சரக்கு வந்ததும் அழிக்கிறோம்.

எப்போது பார்க்கிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். நாங்கள் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மீதி எழுதுவதால் கோட்டைத் தாண்டியது அன்றே தெரியும். சனிக்கிழமை மட்டும் எண்ணுபவர்களுக்கு, திங்கள் தாண்டியது சனிக்கிழமைதான் தெரியும். அந்த ஐந்து நாளும் சரக்கு வரும் காலத்தோடு சேர்ந்துவிடும். 130 × 19 = 2470 என்று ஆர்டர் கோடு ஏறும். சராசரியாகப் பாதி, அதாவது இரண்டரை நாள் தாமதம் என்று வைத்தால் பஃபர் 2470 − (100 × 12.5) = 1220. தினமும் பார்க்காததற்கு விலை 400 பேரிங். ஒன்று 80 ரூபாய் என்று வைத்தாலும் 32,000 ரூபாய் சும்மா கிடக்கிறது.

அபாய அளவு

உள்ளூர் கடையில் சொன்னால் இரண்டு நாளில் கிடைக்கும். ஆக 100 × 2 = 200 என்பது எங்கள் அபாயக் கோடு. 820 க்குக் கீழே போனால் டீலருக்கு ஒரு போன், "அண்ணே, லாரி ஏறிடுச்சா?" என்று. பஃபர் இருப்பதே இப்படிச் செலவாகத்தான், பதற வேண்டியதில்லை. 200 ஐத் தொட்டால் பேச்சே இல்லை, ஆளை வண்டியில் அனுப்பிவிடுவோம்.

எண்கள் சரிதானா என்று எப்படித் தெரியும்

ஒவ்வொரு முறை சரக்கு வந்து இறங்கும்போதும், புதுப் பெட்டியைச் சேர்ப்பதற்கு முன் ரேக்கில் எவ்வளவு இருந்தது என்று எழுதுங்கள். இந்த ஒரு எண் போதும். 820 ஐச் சுற்றி மேலும் கீழுமாக இருந்தால் கணக்கு ஓடுகிறது. தொடர்ந்து 1200, 1300 என்று இருந்தால் செலவு குறைந்துவிட்டது, அல்லது டீலர் வேகமாகிவிட்டார், கோடுகளை இறக்கலாம். இரண்டு மூன்று முறை 300 க்குக் கீழே வந்தால், லைன் இன்னும் நிற்கவில்லை என்று சும்மா இருக்காதீர்கள், கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

பம்புக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கிணற்றிலும் போரிலும் தண்ணீர் இறங்கும் கோடையில்தான் பம்ப் அதிகம் விற்கும். ஜனவரியில் கடைசிப் பன்னிரண்டு வாரத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் அது மழைக்காலத்தின் கணக்கு, மார்ச் மாதத்தில் காலை வாரிவிடும். அதனால் பிப்ரவரி முதல் மே வரைக்கு, போன வருடத்து அதே மாதங்களின் பின் கார்டை எடுத்து, இந்த வருட ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வேன். மே கடைசியில் இறக்க வேண்டும். இறக்க மறந்தால் செலவு சரிந்த நேரத்தில் கோடைக் கோட்டின்படி சரக்கு வந்து குவியும். 3760 ஐத் தாண்டிய சமயங்களைத் திரும்பிப் பார்த்தால், அந்த இரட்டை ஆர்டர் தவிர மற்றதெல்லாம் ஜூன், ஜூலைதான்.

அதிகபட்சத்தை அதிகபட்சத்தால் பெருக்கும் இந்த முறை பயந்த சுபாவம் உள்ளது. இரண்டு மோசமும் ஒரே சமயத்தில் வருவது அபூர்வம், ஆனாலும் வரும் என்றே வைத்துக்கொள்கிறது. பேரிங் போல விலை குறைந்த, ஆனால் லைனை நிறுத்தக்கூடிய பொருளுக்கு அந்தப் பயம் சரி. தாமிர வைண்டிங் கம்பிக்கு இதே முறையில் போட்டபோது வந்த தொகையைப் பார்த்து முதலாளி என்னையே பார்த்தார். அந்த மாதிரி விலை உயர்ந்த பொருளுக்கு, எத்தனை சதவீதம் நிச்சயம் வேண்டும் என்று முடிவு செய்து, திட்டவிலக்கத்தை வைத்துப் பஃபர் போடும் முறை இருக்கிறது. ஆனால் ஆறு ஆர்டரை வைத்துத் திட்டவிலக்கம் எடுத்தால் நம்ப முடியாது, குறைந்தது முப்பது ஆர்டராவது வேண்டும். அதுவரை கம்பிக்கு நாங்கள் செய்வது, டீலரிடம் பேசி வாரம் ஒரு முறை சிறிய அளவாக இறக்கச் சொல்வது. ஆர்டர் அளவும் நாளும் இரண்டும் சுருங்கியதில் அதிகபட்சம் தானாகக் குறைந்தது.

கடைசியாக ரேக். கம்ப்யூட்டரில் எண் இருந்தாலும் நான் சிவப்பு டேப் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். கடைசி 1820 பேரிங் உள்ள பெட்டிகள் டேப்புக்குப் பின்னால். அந்த டேப்பைத் தாண்டி முதல் பெட்டியில் கை வைப்பவர் இண்டென்ட் எழுதாமல் ஸ்டோர்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. நைட் ஷிஃப்ட்டில் நான் இருக்க மாட்டேன், டேப் இருக்கும்.